ஆயிரத்தில் அந்த ஒருவர்

எங்கள் தெருவில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரே ஆண்மகன் கொளஞ்சியப்பன். மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை என்று விளக்கினார் கிராம நர்ஸ் லீலா மேரி. "டெஸ்ட்ல சரின்னு வந்தாலும், ஆயிரத்துல ஒருத்தருக்குத் தவறிப்போகலாம்."

கொளஞ்சியப்பன் சிரித்தார். "அந்த ஒருத்தன் எங்க சித்தப்பா மவன்தாங்க. ஆபரேஷனுக்கு அப்புறமும் அவனுக்குப் புள்ள பொறந்துச்சு. இனி எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"ரேஷன் சர்க்கரையா, அவரு வாங்கிட்டா தீந்துபோக? அவருக்கு என்ன ஆனாலும் உங்களுக்கும் அதே ஆயிரத்துல ஒண்ணுதாங்க. டெஸ்ட் எடுக்காட்டி அதுவும் உறுதியில்ல."

நான்காவது பிரசவத்தை நினைத்தாலே நடுங்கும் மனைவி பூங்குழலி தீர்ப்புச் சொன்னாள். "டெஸ்ட் முடியிற வரைக்கும் நீ மோட்டார் கொட்டாய்ல படுய்யா."

கொளஞ்சியப்பன் நர்சைப் பரிதாபமாகப் பார்த்தார். "சிஸ்டர், அந்த மூணு மாசத்தக் கொஞ்சம் கொறைக்க முடியாதுங்களா?"