சொந்தக் காரணங்களுக்காக

பதினோரு வருடம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில், பழைய கட்டடம், மாடிப்படியில் எப்போதும் ஈரம். என் வேலை, அலுவலகத்தில் இருந்த அத்தனை பேருடைய பணிப்பதிவேடுகளையும் பாதுகாப்பது. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எத்தனை நாள் விடுப்பு, எந்த வருடம் சம்பள உயர்வு, எல்லாம் என் அலமாரியில். என் பதிவேடு மட்டும் என்னிடம் இருக்காது. தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். அது நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. அவருடைய பதிவேடு என்னிடம் இருந்தது. இப்படி ஒருவர் குடுமி இன்னொருவர் கையில் என்று நாங்கள் சிரித்ததுண்டு. அவர் சிரித்தாரா என்பது நினைவில்லை.

அவரை எனக்கு அதிகம் பிடிக்காது. ஒரு கோப்பு அவர் மேசைக்குப் போனால் கிணற்றில் போட்ட கல். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படிப்பார். விடுப்பு விண்ணப்பத்தைக்கூட நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி படிப்பார். "அடைகாக்கிறார்" என்று நான் மற்றவர்களிடம் சொல்வேன், அவர் காதில் விழும்படி.

திருவெறும்பூர்ப் பக்கம் இருக்கும் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அலுவலகம் வழியாகவே விண்ணப்பித்தேன், தடையில்லை என்று சான்று வாங்கினேன், தேர்வு எழுதினேன், நேர்காணல் முடிந்தது. நியமன ஆணையில் சேர வேண்டிய கடைசித் தேதி போட்டிருந்தது. மூன்று வாரம்கூட இல்லை.

எங்கள் வீட்டில் ஓய்வூதியம் என்ற சொல்லுக்கு உரிமையுள்ள ஒரே ஆள் நான். கணவருக்கு உறையூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கடை முதலாளி நல்லவர்தான், ஆனால் நல்ல மனது அறுபது வயதுக்கு மேல் மாதா மாதம் வராது. நான் வேலைக்குச் சேர்ந்தது புதிய ஓய்வூதியத் திட்டம் வருவதற்குச் சில மாதம் முன்பு. அதனால் பழைய ஓய்வூதியம் எனக்கு உண்டு. பத்து வருடத்துக்கு மேல் தகுதியுள்ள சேவை இருப்பவர் உரிய அனுமதியோடு பொதுத்துறை நிறுவனத்துக்குப் போனால், அரசில் செய்த சேவைக்கு ஏற்ற ஓய்வூதியத்தை அரசே கொடுக்கும். அனுமதியில்லாமல் வெறுமனே ராஜினாமா செய்தால் அத்தனை வருடமும் போச்சு. இது எனக்குத் தெரியும். நான்கு பேருக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

ராஜினாமாக் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தட்டச்சு செய்தேன். அதை முறைப்படி கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் அசையவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது தினமும் கடைசித் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணுவேன். பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று. அவருக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். நான் நல்ல வேலைக்குப் போவது பொறுக்காமல் கோப்பை அமுக்குகிறார் என்று கணவரிடம் சொன்னேன்.

"நேரா அதிகாரிகிட்ட கொடுத்துடேன்" என்றார் அவர்.

அதுவும் அலுவலகத்தில் நடப்பதுதான். முன்நகல் என்பார்கள். முறைப்படி போகும் கடிதம் பின்னால் வரட்டும், ஒரு நகல் முன்னாலேயே மேலதிகாரி கையில் இருக்கட்டும் என்று. மறுநாள் காலை அதே கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டு அதிகாரியின் அறையில் கொடுத்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "கங்கிராட்ஸ்மா. இன்னிக்கே ஆர்டர் போடச் சொல்றேன்" என்றார். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன். கண்காணிப்பாளரின் மேசையைத் தாண்டும்போது வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

பதினோரு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்தார். பொதுவாக அவர் எழுந்து யாரிடமும் வருகிறவர் இல்லை. கையில் என் கடிதம்.

"மேடம், இதை நீங்கதான் டைப் பண்ணீங்களா?"

"ஆமா சார். ஒரு வாரமா உங்ககிட்டதான் இருக்கு."

"ரெண்டாவது வரியைப் படிங்க."

படித்தேன். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அந்த வரி எனக்குத் தமிழில்தான் உறைத்தது. சொந்தக் காரணங்களுக்காக என் பணியை ராஜினாமா செய்கிறேன். பதினோரு வருடத்தில் எத்தனை பேருக்கு ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்திருப்பேன். கல்யாணமாகிப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், வியாபாரம் தொடங்கியவர்கள். எல்லோருக்கும் அதே வரி. விரல்கள் பழக்கத்தில் அதையே எனக்கும் எழுதிவிட்டன. அலுவலகம் வழியாக விண்ணப்பித்தேன், சான்று வாங்கினேன், இன்ன நிறுவனத்தில் சேர்வதற்காகவே விலகுகிறேன் என்று ஒரு சொல் இல்லை.

"என்.ஓ.சி நம்பர் இல்ல. எங்க போறீங்கன்னு இல்ல. இதை அப்படியே ஏத்துக்கிட்டா உங்க சர்வீஸ் என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

கடிதத்தின் மேல் இருந்த தேதியைப் பார்த்தேன்.

"ஒரு வாரமா ஏன் சார் சொல்லல?"

"ஆடிட்காரங்க வந்திருந்தாங்க இல்ல. இன்னிக்குக் காலைலதான் கட்டைப் பிரிச்சேன். நல்ல வேளை, மேல அனுப்பல."

ஆனால் முன்நகல் மேலே இருந்தது. நானே என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தது. சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"ஏத்துக்கிட்டதா ஆர்டர் உங்க கைக்கு வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னும் வாபஸ் வாங்கலாம். ஏத்துக்கறதுக்கு முன்னாடி வாங்கிட்டா பிரச்சினை இல்ல. ஓடுங்க."

ஓடினேன். அதிகாரி அறையில் இல்லை. மணப்பாறைப் பக்கம் ஆய்வுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், கீழே வண்டி நிற்கிறது என்றார்கள். அந்த ஈரப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன். முன் இருக்கையில் கையெழுத்துக்கான அட்டை, அதற்குள் என் கடிதம். ஓரத்தில் பச்சை மையில் ஏற்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதன் கீழே, ஆணை இன்னும் தட்டச்சு ஆகாமல், வெற்று இடம்.

"சார், அந்த லெட்டரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன், போகலையா?"

"போறேன் சார். ஆனா இப்படிப் போகல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துத் தணிந்தார். கண்காணிப்பாளர் என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். கையில் என் பதிவேடு, அதற்குள் தடையின்மைச் சான்றின் நகல். இரண்டே வாக்கியத்தில் விளக்கினார். வண்டியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக முதலில் எழுதினேன். பிறகு புதிய கடிதம். முறையான வழியில் விண்ணப்பித்தது, சான்றின் எண், நியமன ஆணை, அந்த நிறுவனத்தில் சேர்வதற்காகவே விலகுவது, அதுவரையிலான சேவைக்கு விதிப்படி ஓய்வூதியப் பலன் வேண்டுவது. வண்டியின் வளைவில் எழுத்து கோணலாக விழுந்தது. அதிகாரி தன் பச்சை மைக் குறிப்பை அடித்து, பக்கத்தில் தேதி போட்டார். வண்டி போனது.

மேலே வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கேட்டேன்.

"எப்படி சார் உடனே கண்ணுல பட்டுச்சு?"

"உங்க அலமாரில என் புஸ்தகம் இருக்கே. முதல் பக்கத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி. இரண்டுக்கும் நடுவில் நாற்பது வருடம். ஒன்பது வருடமாக என்னிடம் இருந்த பதிவேடு, நூறு முறையாவது திறந்திருப்பேன். புதிய ஓய்வூதியத் திட்டத்தில் அவர் பெயரில் வந்த தாள்களை நான்தான் உள்ளே ஒட்டினேன். இவ்வளவு வயதில் சேர்ந்த மனிதர் அதற்கு முன் என்ன செய்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் அவராகவே சொன்னார். பக்கத்து மாநில அரசில் ஒன்பது வருடம் வேலை, பழைய ஓய்வூதியம் உள்ள வேலை. அனுபவம் கேட்ட பணியிடம் என்பதால் இங்கே வயது தடையாகவில்லை. அங்கே அனுமதி வாங்கித்தான் விண்ணப்பித்தார். முறையாக விலகி வந்திருந்தால் அந்த ஒன்பது வருடமும் இங்கே சேர்ந்திருக்கும், பழைய திட்டமும் தொடர்ந்திருக்கும்.

"நானும் உங்க லெட்டர்தான் எழுதினேன், மேடம். அதே வரி. சீக்கிரம் விடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னார்."

"அனுமதி வாங்கின பேப்பரைக் காட்டிக் கேக்கலாமே சார்?"

"கேட்டேன். இங்க அந்த நகல் வேணும்னாங்க. அங்க எழுதினா, அந்தப் பழைய ஃபைலை எல்லாம் கழிச்சாச்சுன்னு பதில். நான் ஒரு நகல் வெச்சுக்கல."

சொல்லிவிட்டு மேசை விளக்கை அணைத்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடைகாக்கிறார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு விடுவிப்பு ஆணை வந்தது. எந்த நிறுவனத்தில் சேர, எந்த அனுமதியின் பேரில் என்று எல்லாம் அதில் இருந்தது. அவரே வரைவு எழுதினார். அவருக்கு நன்றி சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற கோழைத்தனம்.

இப்போது மாதா மாதம் அந்தப் பதினோரு வருடத்துக்கான ஓய்வூதியம் என் கணக்கில் விழுகிறது. பெரிய தொகை இல்லை. ஃபோனில் வங்கிச் செய்தி வந்ததும் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

கண்காணிப்பாளர் போன வருடம் ஓய்வு பெற்றார். அழைத்திருந்தார்கள், போனேன். அதே மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ரோஜா மாலை. புதிதாக வந்திருந்த அதிகாரி அவருடைய பதிவேட்டிலிருந்து குறிப்பெடுத்த தாளைப் பார்த்து, இருபது ஆண்டுகள் அப்பழுக்கில்லாத சேவை என்று வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மாலையோடு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், முகத்தைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இருபத்தொம்போது."