ஸ்பூனில் நின்ற நுரை

என் அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். பிறர் வீட்டுச் சமையலறைகளில் முட்டி போட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தூசியில் தலையை நுழைத்தே முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர். அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அந்த அலுவலகத்து ஃபிரிட்ஜ் பழுதாகி இவர் போனதும், சரிசெய்த ஃபிரிட்ஜ் மூன்று மாதத்தில் நான்கு தடவை மறுபடி பழுதானதும், அப்புறம் கல்யாணம் நடந்ததும் எங்கள் குடும்பக் கதை. அது எப்படி நான்கு தடவை பழுதானது என்று கேட்டால் அப்பா காது கேட்காதவர் போல எழுந்து போய்விடுவார். அம்மா அவரைக் கடைசிவரை "மெக்கானிக்" என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு அம்மா "மேடம்".

சமையலில் அப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். கோல்ட் காபி. ஆனால் அந்த ஒன்றில் அவர் பண்ணும் அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. வெறும் ஐஸைப் போட்டால் உருகி காபி சப்பென்று ஆகிவிடும் என்று, ஃபில்டரில் இறக்கிய கெட்டி டிகாக்‌ஷனில் பாதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைப்பார். மீதி டிகாக்‌ஷன் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுவார். "குளிர்ந்த பால்ல சர்க்கரை கரையாது, அடியில போய் உக்காந்துக்கும். இதுகூடத் தெரியாம ஹோட்டல் நடத்துறானுங்க," என்பார். ஆறிய டிகாக்‌ஷன், குளிர்ந்த பால், காபி ஐஸ் எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு, தோள் வலிக்கக் குலுக்கி, நுரையோடு டம்ளரில் சாய்ப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது டம்ளர் மேஜையில் இருக்க வேண்டும். இன்ஸ்டன்ட் பவுடர் என்ற பேச்சை எடுத்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அம்மா ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, விழுங்குதல் எல்லாம் ஒரே காலையில் போயின. ஊரையே பேச வைத்த அம்மாவுக்கு மிச்சம் இருந்தது இரண்டு சொல். "வேணாம்", "போ".

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அம்மா அதை இடது கையால் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். மூன்றாம் தடவை போட்டபோது அந்த நல்ல கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கட்டிய கையை அம்மா இழுத்து இழுத்துப் பார்த்ததை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். 

கொஞ்சம் தேறியதும் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது, விழுங்கப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் என்னையும் அப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"தண்ணி, பால், காபி எதையும் அப்படியே குடுக்காதீங்க. நேரா நுரையீரலுக்குப் போயிடும். எதுவா இருந்தாலும் இந்தப் பவுடரைக் கலந்து கெட்டியாக்கித்தான் குடுக்கணும். ஒரு ஸ்பூன்ல எடுத்துச் சாய்ச்சுப் பாருங்க. தண்ணியா ஓடினா குடுக்கக் கூடாது. தேன் மாதிரி மெதுவா வழிஞ்சா குடுக்கலாம்."

அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். சாய்த்த ஸ்பூன் படம் போட்ட பக்கம் தெரியும்படி அப்பா அதை எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். வாரம் ஒரு தடவை வரும் நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னார்: வாய் வழியாகப் போதுமான அளவு குடிக்கவில்லை என்றால் மறுபடி குழாய்தான்.

அம்மா குடிக்கவில்லை. அந்தப் பவுடர் கலந்த காபியை நானே ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ஆறிப்போன பசை. அம்மா ஒரு ஸ்பூனை வாங்கி, முகத்தைச் சுளித்து, மீதியை உதட்டால் வெளியே தள்ளினார். "வேணாம்." அப்பா கெஞ்சினார், கொஞ்சினார், ஒரு நாள் கத்தியும் பார்த்தார். "போ" என்று பதில் வந்தது. கன்னம் ஒட்டி, நாக்கு காய்ந்துபோனது. அப்பா ஒரு நாளைக்குப் பத்து தடவை அம்மாவின் இடது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதை நினைத்துக்கொண்டு பிடித்தார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் நான் ஒரு காரியம் செய்தேன். என் அலுவலகத்தில் ஒருத்தி இன்ஸ்டன்ட் காபியை நுரைக்க அடித்துப் பாலின் மேல் வைத்துக் குடிப்பாள். பேட்டரியில் சுற்றும் சின்ன மத்து ஒன்றை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன்.

"ரெண்டு ஸ்பூன் பவுடர், ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ரெண்டு ஸ்பூன் வெந்நீர். அடிச்சுக்கிட்டே இருந்தா க்ரீம் மாதிரி நிக்கும்பா."

"இன்ஸ்டன்டா?" என்றார். முறைத்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.

மத்து சுற்றச் சுற்றக் கறுப்புத் தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, கிண்ணம் நிறையப் பொங்கி நின்றது. டிகாக்‌ஷனை எவ்வளவு அடித்தாலும் இப்படி நிற்காது. குமிழி வந்த வேகத்தில் அடங்கிவிடும். கசப்பு குறைய அப்பா அதில் குளிர்ந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மடித்தார். பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்தார். வெளியே எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த படத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்தார்.

ஓடவில்லை. மெதுவாக, படத்தில் இருந்தது போலவே வழுக்கி விழுந்தது.

"பாத்தியா," என்றார் என்னிடம். "தேனு."

அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது ஒன்றையும் விடாமல், அரை ஸ்பூன் வைத்தார். அம்மா அப்படியே இருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா வாயைத் திறந்தார், இன்னொன்று கேட்டு.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கிண்ணம். அப்பா வெளி வேலையை நிறுத்திவிட்டார். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் நுரைக்கு அடியில் பால் பிரிந்து நிற்கும். அதை அம்மாவுக்குக் கொடுக்க மாட்டார். "அது தண்ணி, மேடத்துக்கு ஆகாது," என்று தானே குடித்துவிட்டுப் புதிதாக அடிப்பார். அவ்வளவு கவனம். நர்ஸம்மா வந்து நாக்கைப் பார்த்து, "பரவால்லையே, நல்லா ஈரமா இருக்கே, காபி குடிக்கிறாங்களா?" என்றார். "கெட்டியாத்தான் குடுக்குறேன், ஸ்பூன்ல சாய்ச்சுப் பாத்துட்டுத்தான்," என்றார் அப்பா. அந்தம்மா தலையாட்டிவிட்டுப் போனார். குழாய்ப் பேச்சே எழவில்லை. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, அம்மா கிண்ணத்தைப் பார்த்து, "மெக்கா..." என்றார். அப்பா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார்.

இருபதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை போய்விட்டார். அந்த நான்கு நாளும் கையைக் கட்டவில்லை. கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மூன்றாம் நாளே டாக்டர் என்னை வராந்தாவில் தனியாக நிறுத்திக் கேட்டிருந்தார்.

"வலது நுரையீரல் அடிப்பக்கம் பூரா அடைச்சிருக்கு. வீட்டுல என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். நுரை, ஸ்பூன், எல்லாம்.

"நுரைங்கிறது காத்தும்மா. ஸ்பூன்ல நிக்கும். வாய்ச்சூடு பட்டதும் உடைஞ்சு வெறும் பாலாயிடும்."

"இருமலே வரலையே டாக்டர்?"

"பக்கவாதம் வந்தவங்கள்ல பல பேருக்கு, நுரையீரலுக்குள்ள போனாலும் இருமல் வராது." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அவங்க எச்சிலே உள்ள போயிருக்கலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கமும் அச்சாகியிருந்தது. ஐஸ், ஐஸ்கிரீம், வாயில் வைத்ததும் உருகிக் கரையும் எதுவும் கூடாது என்று மூன்றாவது வரியில் இருந்தது. இத்தனை நாள் அந்தப் பக்கம் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காத பாவி நான். படித்தவள் வேறு. அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சோடியது. அப்பா சாப்பிடுவதும் பேசுவதும் குறைந்துபோனது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எதனாலன்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"கிருமின்னு சொன்னாருப்பா."

தலையாட்டிக்கொண்டார். ஆனால் அப்பா மெக்கானிக். "எங்கேயோ கேஸ் லீக்காகுது" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை. சோப்பு நுரையைத் தடவி, குமிழி எங்கே வருகிறது என்று தானே பார்த்தால்தான் திருப்தி.

அம்மா போன பதினெட்டாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மணி நாலு. சமையலறையில் மத்துச் சத்தம் கேட்டது. அப்பா நின்று நுரை அடித்துக்கொண்டிருந்தார். பாலை விட்டு மடித்தார். ஃப்ரீசரில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் காத்திருந்தார். ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்தார். மெதுவாக வழிந்தது. இன்னொரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தாடையை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டார், அம்மாவை உட்கார வைத்தது போலவே. விழுங்கவில்லை. அசையாமல் நின்றார்.

நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் குனிந்து, வாயில் இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் துப்பினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, சாய்த்துப் பார்த்தார். அது தடையில்லாமல் ஓடியது.

"உனக்குத் தெரியுமா?" என்றார், திரும்பாமலே.

"இல்லப்பா."

அவர் டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு தடவை நான் வாயில வெச்சுப் பாத்திருக்கலாம்," என்றார். "அடியில இருந்த தண்ணியத்தான் குடிச்சேன். மேல இருந்தது முழுக்க அவளுக்குன்னு ஒரு வாய்கூட நான் எடுக்கல."