சம்பந்தியின் சிவப்பு மை

என் பெண்ணின் மாமனார் எனக்குச் செய்த முதல் மரியாதை, நான் எழுதிய கட்டுரையைச் சிவப்பு மையால் குதறித் திருப்பி அனுப்பியது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியிடம் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டும். அது தெரிந்த விஷயம். ஆனால் பரீட்சை எழுதச் சொல்லும் சம்பந்தியைக் கீழ்வேளூர் வட்டாரத்தில் நான் ஒருவன்தான் பார்த்திருப்பேன்.

என் பெண் லாத்வியாவுக்கு டாக்டர் படிக்கப் போனாள். படித்தாள், அங்கேயே ஒரு கப்பல் இன்ஜினியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் நல்லவன், வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். அவனுடைய அப்பாதான் இந்தச் சம்பந்தி. மனைவி இறந்து, ரீகாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் லாத்வியன் மொழி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் தெரியாது. ரஷ்யன் தெரியும், ஜெர்மன் தெரியும், எனக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பேத்திக்கு ஐந்து வயது. அம்மா தமிழில் கேட்டால் லாத்வியனில் பதில் சொல்வாள். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது, என் பெண் ஏதோ விசா வேலையாக ஒரு நாள் சென்னை போயிருந்தாள். காலையிலிருந்து குழந்தை ஒரே அழுகை. "ஔஸ், ஔஸ்" என்று சொல்லிக்கொண்டே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, தொட விடவில்லை. பசி என்று நினைத்து இட்லி கொடுத்தோம். வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். சூடு என்று தலைக்கு எண்ணெய் வைத்தோம். பெண்ணுக்குப் போன் போட்டால், உள்ளே போன் கொண்டுபோகக்கூடாத ஆபீஸ். சாயங்காலம் அவள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, ஔஸ் என்றால் காது. அதற்குள் காய்ச்சல் வந்து காது சிவந்து வீங்கிவிட்டது. திருவாரூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஒரு கட்டெறும்பை வெளியே எடுத்தார். ஒரு நாள் முழுக்க என் பேத்தி என்னிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

குழந்தை அங்கே போய் அந்தத் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இந்த வருஷம் கோடையில் என் பெண்ணுக்கு மேல்படிப்புப் பரீட்சை. மாப்பிள்ளை கடலில். அங்கே பாலர் பள்ளிக்கும் விடுமுறை. இரண்டு மாதம் குழந்தையை யாராவது ஒரு தாத்தா வைத்துக்கொள்ள வேண்டும். நான் இங்கே அனுப்பு என்றேன். சம்பந்தி அங்கே இருக்கட்டும் என்றார். என் பெண் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொன்னாள். அப்பா லாத்வியன் கற்றுக்கொள்ளட்டும், வாரம் ஒரு கட்டுரை கையால் எழுதி மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், போதும் என்று மாமா சொன்னால் குழந்தை கீழ்வேளூருக்கு வரும்.

இதில் உள்ள நியாயத்தைப் பாருங்கள். நான் தேறினால் குழந்தை எனக்கு, தேறாவிட்டால் அவருக்கு. பேப்பர் திருத்துபவரும் அவரே!

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்து வேலை எனக்குப் புதிதல்ல. போனில் ஒரு ஆப்பை வைத்து வார்த்தைகளைப் படித்தேன், யூட்யூபில் உச்சரிப்புக் கேட்டேன். மொழி பார்க்க எளிதாகத்தான் இருந்தது. வார்த்தையின் கடைசியில் 's' இருந்தால் பெரும்பாலும் ஆண், 'a' அல்லது 'e' இருந்தால் பெரும்பாலும் பெண். நாற்காலி ஆண், மேசையும் ஆண், ஜன்னலும் ஆண், வீடு பெண். நமக்கு இதெல்லாம் அஃறிணை. அவர்களுக்கு வீட்டுச் சாமான் பூராவும் குடும்பஸ்தர்கள். இதோடு விட்டார்களா என்றால் இல்லை. 'என்னுடைய', 'நல்ல', 'பெரிய' எல்லாம் அந்த ஆண் பெண்ணுக்குத் தக்கபடி வால் மாற வேண்டும்.

முதல் கட்டுரை மாட்டைப் பற்றி. அவர்கள் எழுத்தில் மாட்டுக்கு 'govs' என்று பெயர். கோ என்று ஆரம்பித்ததும் எனக்கு உறவுக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் 's' இருந்ததால் ஆண் என்று முடிவு செய்து, பால் கறக்கும் பசுவுக்கு 'mans' என்று ஆண்பால் 'என்னுடைய' போட்டு ஒரு பக்கம் எழுதினேன். அவர் அதை அச்செடுத்து, எல்லா இடத்திலும் அடித்து 'mana' என்று சிவப்பில் எழுதிப் போட்டோ அனுப்பியிருந்தார். 's'-இல் முடியும் பெண்கள் சில பேர் உண்டாம். பசு, கண், இரவு, இதயம். அப்புறம் காது. அந்த ஔஸும் பெண்தான்.

சூரியனுக்கு நானாக 'is' என்று ஒரு ஆண்பால் வாலை ஒட்டினேன். அதையும் அடித்திருந்தார். அங்கே சூரியன் பெண், சந்திரன் ஆண். இதற்காக அவரோடு சண்டை போட முடியாது.

இன்னொரு குற்றம் நெடில். உயிரெழுத்தை நீட்ட வேண்டுமானால் தலைமேல் ஒரு சிறு கோடு போட வேண்டும், 'ā' என்று. குறில் நெடில் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, காதில் எனக்குச் சரியாகவே விழுந்தது. கைதான் வரவில்லை. நாம் துணைக்காலைப் போகிற போக்கில் எழுதிவிடுவோம். அங்கே எழுதி முடித்துத் திரும்பி வந்து கோடு போட வேண்டும். பட்டியல் எழுதி வேகம் பிடித்த கை திரும்பி வராது. வீடு, தண்ணீர், அப்பா, அம்மா என்று ஒருவர் தலையிலும் கோடில்லாமல் மொட்டையாக அனுப்பினேன். அடுத்த வாரம் கோபத்தில் யூரியா தெளிப்பது போல எல்லா எழுத்தின் மேலும் கோடு போட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு வீண் கோட்டையும் அடித்திருந்தார்.

கடைசியில் ஒரே வார்த்தை இருக்கும்: 'Vēlreiz.' மறுபடியும் என்று அர்த்தம். ஈர நெல்லோடு வந்தவர்களிடம் "காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்று நான் சொன்ன அதே தொனி.

இவர் வேண்டுமென்றே அடிக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. ஒரு கட்டுரை முழுவதையும் ஒவ்வொரு வார்த்தையாக அகராதியில் சரிபார்த்தேன். அவர் திருத்தம் ஒன்றுகூடத் தப்பில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. என் மனைவி மட்டும் குழந்தைக்குச் சோறு போட எதற்கு இலக்கணம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓமத்தண்ணீரை ஞாபகப்படுத்தினேன். அப்புறம் கேட்கவில்லை.

கடைசிக் கட்டுரைக்கு அவரே தலைப்புக் கொடுத்தார்: குழந்தை உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாள். விமான டிக்கெட் போட வேண்டும், இதோடு முடிவு சொல்லிவிடுவார் என்றாள் என் பெண். மூன்று தாள் எழுதினேன். காலையில் தோசை. பசுவுக்குப் புல். வெயிலுக்கு முன்னால் வாய்க்காலுக்குப் போவோம், மேட்டூரில் திறந்த தண்ணீர் அதற்குள் நம்மூருக்கு வந்திருக்கும், குழந்தை காலை நனைக்கும், கொக்கு பார்க்கும். மத்தியானம் தூக்கம். காது வலித்தால் எனக்குத் தெரியும், கண் வலித்தால் தெரியும், வயிறு வலித்தால் தெரியும். வலிக்கிற இடம் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்திருந்தேன், வரிசையாக எழுதினேன்.

மறுநாள் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு மையே இல்லை. எனக்கே தெரிந்த தப்புகள் இருந்தன, வாய்க்காலுக்கு வாலே மாற்றாமல் விட்டிருந்தேன், பாதி நெடிலுக்குக் கோடில்லை. எதையும் தொடவில்லை. வாய்க்கால் வரியின் கீழே மட்டும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் பென்சிலாலேயே ஒரு கேள்வி. அகராதி இல்லாமலே புரிந்தது. அவள் கையை யார் பிடித்துக்கொள்வார்கள்?

இத்தனை வாரமும் மனுஷனுக்கு இதுதான் பயமாக இருந்திருக்கிறது. என்னிடம் அதைச் சொல்ல அவருக்கும் வழி தெரியவில்லை.

நான் என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை முடிந்தது. எழுதவும் செய்தேன். அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலது முழங்கால் தேய்ந்து போய்விட்டது. மாடிப்படி இறங்கினால் கைப்பிடி வேண்டும். ஐந்து வயசுக் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடினால் என்னால் பின்னால் ஓட முடியாது. என் மனைவிக்கு மூச்சு வாங்கும். இது என் பெண்ணுக்கே முழுசாகத் தெரியாது, வீடியோவில் உட்கார்ந்துதானே பேசுகிறேன்.

"சம்பந்திகிட்ட போயி நம்ம முடியாமையச் சொல்லுவாங்களா? பேசாம நான்னு மட்டும் எழுதுங்க" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது நம் ஊர் வழக்கப்படி சரி. பெண்ணைக் கொடுத்த இடத்தில் வீட்டுக் குறையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடனைக்கூடச் சொல்வதில்லை.

ஆனால் பென்சிலால் கேட்டிருந்தாரே.

தாளில் எழுதியிருந்த அந்த 'நான்' என்ற வார்த்தையிலிருந்தே தொடர்ந்தேன். நான் பிடித்துக்கொள்வேன். என் முழங்கால் சரியில்லை. என்னால் ஓட முடியாது. முழங்கால் ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை, கோடு எங்கே என்று யோசிக்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். குழந்தை வரப்போவதில்லை என்று தெரிந்துபோனது. அவளுக்காக வாங்கி வைத்திருந்த சின்னக் குடையை என் மனைவி பீரோவில் வைத்தாள்.

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் என் பெண் கூப்பிட்டாள். முழங்கால் விஷயம் மாமா சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எடுத்ததும் என்னைத் திட்டினாள். திட்டி முடித்து, "அப்பா, நீங்க மாமாவுக்கு வேற என்ன எழுதுனீங்க? மனுஷன் ரெண்டு டிக்கெட் போடச் சொல்றாரு" என்றாள். இதுவரை விமானமே ஏறாதவராம். வெயிலுக்குத் தொப்பி வாங்கிவிட்டாராம்.

அப்புறம்தான் அவருடைய போட்டோ வந்தது. என் மூன்று வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி. என் மனைவி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். நான் அதைப் பெரிதாக்கி இன்னொரு தடவை படித்தேன். யாருக்கு என்ன ஆச்சு என்று அவள் பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னொரு கைய நான் புடிச்சுக்கிறேன்னு எழுதியிருக்காரு" என்றேன்.