நாலு அங்குல வஸ்திரம்

மூவாயிரம் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கி வைத்திருப்பவன் நான். தத்துவத்தின் பக்கத்தில் சமையல் வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தத் தகுதியை நம்பித்தான் என் தங்கை அவளுடைய வியாபாரத்தை என்னிடம் ஒப்படைத்தாள்.

பூஜை அலமாரியில் இருக்கும் கையளவு கிருஷ்ண விக்கிரகங்களுக்கு அவள் உடை தைப்பாள். பட்டுத் துணி, கொசுவம், ஓரத்தில் சரிகை. கணவர் போனபின் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பக்கத்து வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். சென்னையில் இருக்கும் மகள் தன்னிடம் வந்துவிடும்படி தினமும் அழைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்ரீஜயந்தி வரைக்கும் பாக்கறேன். என் தையல்ல காலம் தள்ள முடிஞ்சா இங்கயே இருக்கேன். இல்லேன்னா வந்துடறேன்" என்று, கண்ணன் பிறந்தநாள் விற்பனையை நம்பிச் சொல்லிவைத்திருந்தாள்.

இணையக் கடையில் பொருளை ஏற்றும்போது முதலில் அது எந்தப் பிரிவு, என்ன வகை என்று கேட்டார்கள். பூஜைப் பொருட்கள் என்ற பிரிவு இருந்தது. திறந்து பார்த்தேன், சூடமும் ஊதுவத்தியும் கண்ணில் பட்டன. பக்கத்துப் பிரிவு குழந்தை உடைகள். அங்கே லட்சக்கணக்கில் பொருட்கள். கூட்டம் இருக்கிற தெருவில்தானே கடை போட வேண்டும்?

"குழந்தை டிரஸ்னு போடட்டுமா?" என்றேன்.

"போடு அண்ணா. நம்மாத்துக் கண்ணனைக் குழந்தைன்னுதானே கூப்பிடறோம்" என்றாள்.

வகையைச் சொன்னதும் அதற்குரிய படிவம் வந்தது. வயது? பூஜ்யம் முதல் மூன்று மாதம். கை நீளம்? கையில்லாதது. விக்கிரகத்தின் உயரத்தை எழுத இடமே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படித்தவர்களுக்குப் படிவங்கள் மீது ஓர் அலட்சியம் உண்டு.

இரண்டு மாதத்தில் ஒரே ஒரு ஆர்டர். அதுவும் திரும்பி வந்தது. காரணம்: குழந்தையின் ஒரு கால்கூட நுழையவில்லை. நான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

தங்கை சிரிக்கவில்லை. "யாராவது பாத்தாளா அண்ணா?" என்று தினமும் போனில் கேட்டாள். பார்த்தவர்கள் வாங்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் சரிகையைப் பிரித்து மெல்லியதாக வைத்துத் தைத்தாள். மறுபடி மறுபடி கொசுவத்தைப் பிரித்தாள். நான் புதுப்புதுப் படங்கள் ஏற்றினேன்.

ஸ்ரீஜயந்திக்கு இரண்டு நாள் முன்பு, பொறுக்கமாட்டாமல் கடையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், இது சாமி டிரஸ்ஸா? குழந்தை டிரஸ்ல போட்டிருக்கீங்களே!"

"அதனால என்னங்க?"

"சாமி டிரஸ் தேடுறவங்க பூஜைப் பிரிவுல போயி, எந்த சாமி, எத்தனை இஞ்ச்னு ஃபில்டர் போடுவாங்க. உங்க லிஸ்டிங்ல இஞ்ச்சே இல்ல, அப்புறம் எப்படி வரும்? குழந்தை டிரஸ் தேடுறவங்க பாத்துட்டு வாங்காம போயிடுறாங்க. வாங்காம போகப் போக, அது பின்னாடி பக்கத்துக்குப் போயிடும் சார்."

"இப்ப மாத்திடலாங்களா?"

"ஏத்துன பிறகு வகையை நீங்களா மாத்த முடியாது சார். எடுத்துட்டுப் புதுசா போடுங்க. ஆனா மேல வர கொஞ்ச நாள் ஆகும்."

அன்றே புதிதாக ஏற்றினேன். பிரிவு: பூஜைப் பொருட்கள். வகை: விக்கிரக உடை. தெய்வம்: கிருஷ்ணர். உயரம்: நாலு அங்குலம். ஐந்து நிமிட வேலை.

பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய் அவளிடம் நேரில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கையிலிருந்த நீலத் துணியை மடித்தபடியே கேட்டாள்:

"அப்போ கொசுவம் நன்னாதான் இருந்துதா?"

"நன்னாதான் இருந்துது."

"மூணு தடவை பிரிச்சேனே, அண்ணா."

பண்டிகை ஓர் ஆர்டரும் இல்லாமல் கடந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றாள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். ரயில் நிலையத்தில், நான் மறந்து ஏதோ நகைச்சுவை சொன்னதற்குக்கூடச் சிரித்தாள்.

பத்து நாள் கழித்து, புதிதாக ஏற்றியதற்கு முதல் ஆர்டர் வந்தது. நாலு அங்குலம், நீலம், இரண்டு. அன்று மாலையே இன்னொன்று. சென்னைக்குப் போன் செய்தேன்.

"மெஷின வைக்க இங்க இடமில்லேண்ணா. கிளம்பறப்பவே குடுத்துட்டேன். தச்சு வச்சிருந்ததையும் பக்கத்தாத்துக் குழந்தைகள் பொம்மைக்குப் போட்டு விளையாடட்டும்னு குடுத்தேன்." பிறகு, "எந்த ஊர்லேர்ந்து கேட்டிருக்கா?" என்றாள்.

ஊர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

ஆர்டர்களை ரத்து செய்யக் காரணம் கேட்டார்கள். பட்டியலில் ஐந்து இருந்தன. அவற்றை இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, 'சரக்கு இல்லை' என்பதை அழுத்தினேன்.