போனில் தாளம் போகாது

அம்மா இறந்த செய்தி எனக்குக் கொழும்பில், பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்கும்போது வந்தது. அக்காதான் பேசினாள். மடுல்கெல்லையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், அம்மாவோடு கடைசிவரை இருந்தவள் அவள்தான். "வந்துடு தம்பி, நாளைக்கு எடுக்குறாங்க" என்றாள். மாவுக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கண்டிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வழியெல்லாம் மழை, வழியெல்லாம் நெரிசல். குட்ஷெட் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் கையை விரித்தார். "பார வஹலா மாத்தயா" என்றார் சிங்களத்தில். பாதை மூடிக்கிடக்கிறதாம். வத்தேகமைக்கு மேலே மண் சரிந்து பஸ்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஆட்டோக்காரர்களைக் கேட்டேன். மண்ணுக்குள் போய்ச் சாக ஆசையா என்று ஒருவன் கேட்டான். அவனை அடித்திருப்பேன், கையில் பை இருந்ததால் பிழைத்தான்.

பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கக் கிளம்பியவன், பாதி வழியில், அந்த பஸ் நிலையத்தில் மூடிக்கிடந்த கடையொன்றின் தகரத்துக்குக் கீழே நனைந்த செருப்போடு நின்றேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. என்னைச் சுற்றிப் போகிற எல்லோருக்கும் வீடு இருந்தது. அன்றைக்குப் போல என் வாழ்க்கையில் என்றைக்கும் நான் தனியாக இருந்ததில்லை.

அதே தகரத்துக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து முருகன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். முன்னால் ஒரு துண்டு, பக்கத்தில் சுருதிப் பெட்டி, கையில் ஜால்ரா. ஒரு அடி பாடுவார், நிறுத்துவார், அதே அளவு நேரம் ஜால்ராவை மட்டும் தட்டுவார், பிறகு அடுத்த அடி. பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள் அல்லவா, அந்த இடத்தை விட்டுவிட்டுத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். வாங்கிப் பாட ஆளே இல்லாமல் எதற்கு இந்த இடைவெளி என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துறீங்களா? எங்க அம்மா செத்துப்போச்சு. போக வழி இல்லாம நிக்கிறேன்" என்றேன். சண்டைக்குப் போகிற குரலில்தான் சொன்னேன்.

அவர் ஜால்ராவைச் சத்தமில்லாமல் மடியில் வைத்தார். "எந்தத் தோட்டம்ணே?" என்று கேட்டார். சொன்னேன். தானும் தோட்டத்து ஆள்தான், ஹந்தானை லயம் என்றார். பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "அங்க ராத்திரிக்குப் பாட ஆளு இருக்கா?"

எங்கள் பக்கம் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாட்டு இருக்கும். பொழுது சாயும்வரை ஒப்பாரி, அதன்பிறகு பஜனை. பிணத்தை அமைதியில் தனியே விடக்கூடாது. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பஜனைக்காரர்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருப்பவர்கள், மண் சரிந்ததால் அவர்களாலும் ஏறி வர முடியவில்லை என்றாள். "அழுது அழுது எல்லாருக்கும் தொண்ட கட்டிப்போச்சு. சும்மா உக்காந்திருக்கோம் தம்பி. அம்மா கெடக்குறத பாக்க முடியல."

"போன ஸ்பீக்கர்ல போட்டு அம்மா தலைமாட்டுல வைக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "நா எடுத்துக் குடுக்கிறேன்."

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை.

அவர் முதலில் கேட்டது, அங்கே பெண்கள் அதிகமா என்று. ஆமாம் என்றேன். சுருதிப் பெட்டியின் திருகை மூன்று கட்டைக்கு ஏற்றினார். "என் தொண்டைக்கு இது மேல. ஆனா அவங்களுக்கு எட்டணும்ல" என்றார். என் போனைத் தூக்கி வாய்க்கு நேரே பிடித்தேன். ஜால்ராவைத் தட்டிப் பாட்டை எடுத்தார்.

"கூட வா கந்தா, கூட வா. ஆளில்லா வழியில கூட வா."

ஒரே குழப்பம். அங்கிருந்து பதில் தாமதமாக வந்தது. அதற்குள் இவர் அடுத்த அடிக்குப் போயிருந்தார். அவர்கள் கைதட்டு ஒரு பக்கம், இவர் ஜால்ரா இன்னொரு பக்கம். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"தாளம் போன்ல போகாதுண்ணே" என்று ஜால்ராவைப் பைக்குள் போட்டார். "கை தட்ட வேணாம்னு சொல்லுங்க. விருத்தமா இழுப்போம்." தாளத்தை விட்டு, ஒவ்வொரு அடியையும் நிதானமாக நீட்டினார். கடைசி எழுத்தை, அங்கே முதல் குரல் கிளம்புகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தார். அது கேட்டதும் விட்டார். அவர்கள் முழுதாக முடிக்கும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தார். இந்தமுறை பதில் சேர்ந்து வந்தது. இருபது முப்பது பேர், கரகரத்த தொண்டையோடு, "கூட வா."

சற்று நேரத்தில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பதில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. சுருதிப் பெட்டியின் ரீங்காரத்தை வெறும் இரைச்சல் என்று நினைத்து போன் வெட்டிவிடுகிறது, அவர்களுக்கு அது கேட்கவே இல்லை என்றார். அதன்பிறகு ஒவ்வொரு அடியின் முதல் எழுத்தையும் அழுத்தி, நீட்டி, அங்கே சுருதியை நிற்க வைத்துவிட்டுத்தான் மேலே போனார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடையில் அக்காவின் குரல் வந்தது. "யாரு பாடுறதுன்னு எல்லாரும் கேக்குறாங்க தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். "மகன் நிக்கிறப்ப நா எதுக்கு எடுக்கணும்? நீங்க எடுங்க. நா வாங்குறேன்."

"விளையாடாதீங்க. மாவு பிசையிறவன் நான். பாட்டெல்லாம் வராது."

"பாட வேணாம்ணே. இழுத்துச் சொல்லுங்க. சுருதி பெசகினா நா புடிச்சுக்கிறேன். ஆளுக்குத் தகுந்த மாதிரி வார்த்தய மாத்திக்கலாம், அது வழக்கந்தானே."

பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்தேன். "கூட வா கந்தா, கூட வா. எங்க அம்மாவுக்குக் கூட வா." குரல் எங்கேயோ போனது. அவர் மெல்லிய குரலில் எனக்குக் கீழே வந்து நின்று, என்னைத் தூக்கி இடத்தில் வைத்தார்.

பிறகு அந்த முப்பது பேரும் நான் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். "எங்க அம்மாவுக்குக் கூட வா." பக்கத்து வீட்டுக்காரர்கள், என்னைச் சின்ன வயதில் அடித்தவர்கள், பெயர்கூட மறந்துபோனவர்கள், எல்லோரும் எங்க அம்மா என்றார்கள். நான் அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த அடியை எடுத்தேன்.

அவர் எப்போது பாடுவதை நிறுத்தினார் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது சுருதிப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜ் இறங்கியபோது அவர் பவர் பேங்கைக் கொடுத்தார். அங்கே பதில் மெல்ல மெல்லக் குறைந்தது. பாவம், பகலெல்லாம் அழுதவர்கள், ஒவ்வொருவராகச் சாய்ந்திருப்பார்கள். பத்துப் பேர் ஆனது. நாலு பேர் ஆனது.

மறுநாள் மத்தியானம்வரை பாதை திறக்கவில்லை. அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று அம்மாவை எடுத்துவிட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் தீரவில்லை, தீரும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் அந்த இரவின் கடைசியில் பதிலாக ஒரே ஒரு குரல்தான் வந்துகொண்டிருந்தது. உடைந்து, சுருதியில்லாமல், அடியின் பாதியைக் காற்றில் விட்டுவிட்டு. அக்கா. அந்த அறையில் விழித்திருந்தவள் அவள் மட்டும்தான். நான் கடைசி எழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் தொடங்குகிறவரை விடாமல் நின்றேன்.