மண்ணுக்குத்தானுங்க

அந்தப் பொங்கலுக்கு நான் சென்னிமலைக்குப் போகாததற்குக் காரணம் ஒரு களிமண் துண்டு. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியைவிடக் கொஞ்சம் பருமன். அதை விட்டுவிட்டு வர முடியாது என்று மனைவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். பாதி உண்மை.

மீதிப் பாதி இப்படி. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. மாற்றலாகிச் சென்னிமலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மகளும் அவளோடு. முதலில் வாரம் ஒரு முறை போய்க்கொண்டிருந்தேன், பிறகு மாதம் ஒரு முறை. இடையில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது ஒரு பஸ் பிடித்திருப்பேன்.

நான் வேலை பார்த்தது பீளமேட்டில் ஒரு சிறிய மண் பரிசோதனைக் கூடத்தில். நாலு பேர் வேலை செய்யும் இடம். மற்ற மூவரும் போகிக்கு முதல் நாளே லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நானும், மண்ணை அமுக்கி உடைக்கும் ட்ரையாக்சியல் மெஷினும் மட்டும் மிச்சம்.

வேலை என்னவென்றால், ஒரு குளத்தின் ஓரமாக ரோட்டுக்காக ஆறு மீட்டர் உயரத்துக்கு மண் கரை போடப் போகிறார்கள். அடியில் நொளநொளவென்று குளத்துக் களிமண். அது கரையைத் தாங்குமா என்று கணக்குப் போட டிசைன் இன்ஜினியருக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று சி, அதாவது மண் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் பலம். இன்னொன்று ஃபை, உராய்வுக் கோணம். அழுத்த அழுத்த மண்துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கான அளவு. அவர் அனுப்பிய கடிதத்தில் “சி, ஃபை தேவை” என்று ஒரே வரி. திங்கட்கிழமை லாரிகள் வந்து கொட்ட ஆரம்பித்துவிடுமாம்.

சோதனை ஒன்றும் மந்திரமில்லை. மண் துண்டுக்கு ரப்பர் உறை மாட்டி, கண்ணாடிபோன்ற ஒரு குடுவைக்குள் நிறுத்தி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். பிறகு தலையில் ஒரு தண்டை வைத்து மேலிருந்து மெதுவாக அமுக்க வேண்டும், அது உடையும் வரைக்கும். ஒரே மண்ணில் மூன்று துண்டுகள், மூன்று வெவ்வேறு சுற்றழுத்தம். ஒவ்வொன்றுக்கும் கிராஃப் தாளில் ஓர் அரைவட்டம். மூன்றையும் தலையில் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு இடது பக்கம் நிமிர்ந்த அச்சை வெட்டும் உயரம் சி, அதன் சாய்வு ஃபை.

நான் எடுத்துக்கொண்டது சி.யூ. என்னும் வகை. முதலில் சுற்றழுத்தம் கொடுத்து வால்வைத் திறந்துவைத்தால் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் கசிந்து ப்யூரெட் என்னும் அளவுகோடு போட்ட குழாயில் ஏறும். ஏறி, மெல்ல அடங்கி, நின்றுவிடும். நின்ற பிறகு வால்வை மூடி, மேலிருந்து அமுக்கி, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். முதல் துண்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. அன்றைக்குப் போகி. மூன்றாவதுக்கு உறை இல்லை. சென்னையிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. அளவு ஏறக்குறைய அதேதான், ரப்பரும் அதேதான், நுனியை வெட்டிவிட்டால் குழாய். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சர்க்கார் சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு விளம்பரமே செய்கிறது.

தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும். தலைவலித் தைலத்துக்கும் வயிற்று மாத்திரைக்கும் நான் நிரந்தர வாடிக்கை. கூட்டம் குறையட்டும் என்று இரண்டு டீ குடித்துவிட்டுப் போனேன். சொன்னேன். அவர் எடுத்து வைத்துக்கொண்டே, நிஜமான சந்தோஷத்தோடு கேட்டார்.

“ஏனுங்க, ஊட்டுல அம்மணி வந்துட்டாங்களாட்ட?”

“இல்லீங்க” என்றேன். அதற்குமேல் நிறுத்தியிருக்கலாம். “மண்ணுக்குங்க” என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. என் நாற்பத்திரண்டு வயதில், ஒரு மனிதனைப் பற்றி இன்னொரு மனிதன் அப்படி யோசிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

“எத்தனைங்க?”

அனுபவஸ்தர்கள் எப்போதும் இரண்டு உறை போடுவார்கள். நடுவே கிரீஸ் தடவி, ஒன்றின்மேல் ஒன்று. ஒன்றில் ஊசித்துளை இருந்தாலும் மற்றது காப்பாற்றும். ஆகவே ஐந்தாறு பாக்கெட் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன். அந்த முகத்துக்கு முன்னால் ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்று என்றேன். பாக்கெட்டில் மூன்று. ஒன்று கழுவும்போது நகத்தில் கிழிந்தது, இன்னொன்று உறையின் முனையை இறுக்கும் வளையம் மாட்டும்போது. மிஞ்சிய ஒன்றை ஒற்றையாகவே மாட்டினேன். வெட்கத்துக்கும் மண் பொறியியலுக்கும் உள்ள தொடர்பை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

சுற்றழுத்தம் கொடுத்து வால்வைத் திறந்தேன். ப்யூரெட்டில் தண்ணீர் ஏறியது. பொங்கல் அன்று காலையிலும் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வீட்டில் பால் பொங்கியது, எனக்கு ப்யூரெட் பொங்கியது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டேன். எனக்கு அந்தக் களிமண்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. என்ன நிதானம், எவ்வளவு மனதுக்குள் வைத்திருந்திருக்கிறது என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லாததால் பாதகமில்லை. கூடத்து போனில் உள்ளூர் மட்டும்தான் பேசலாம், அதனால் மத்தியானம் பூத்திலிருந்து மனைவிக்கு போன் போட்டேன். இன்னும் தண்ணீர் நிற்கவில்லை என்றேன்.

“சரீங்க. மண்ணு கூடவே பொங்கல் வெச்சுக்குங்க” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமில்லை என்பதுதான் அன்று முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மாட்டுப் பொங்கலன்று காலைதான் நோட்டைப் புரட்டி மூன்று துண்டுகளின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் துண்டு விட்ட தண்ணீர் ஆறு மில்லி, இரண்டாவது ஒன்பது. இது முப்பத்தொன்று, இன்னும் ஏறுகிறது. மண் துண்டின் மொத்தக் கனஅளவே எண்பத்தாறு. இந்த வேகத்தில் அது இந்நேரம் அப்பளம் ஆகியிருக்க வேண்டும். குடுவைக்குள் அது முன்போலவே கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தது.

கழற்றினேன். உறையில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன். நடுவிலிருந்து நூல்போல ஒரு தாரை பீய்ச்சி என் சட்டைப் பொத்தானில் அடித்தது. இரண்டு நாளாக நான் உட்கார்ந்து மரியாதை செய்தது குடுவைத் தண்ணீருக்கு. அது ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, மண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, ப்யூரெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்படியே வால்வை மூடி அமுக்கியிருந்தால் உள்தண்ணீர் அழுத்தம் ஏறி, மண் தன்னிடம் இல்லாத பலவீனத்தையெல்லாம் காட்டியிருக்கும்.

இனி என் பயத்தின் கதை. மறுபடி செய்ய இரண்டு நாளாவது வேண்டும். லாரிகள் நாளை மறுநாள். கையில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டு வட்டங்களுக்கு எப்போதும் ஒரு கோடு பொருந்தும், அதுதான் ஆபத்து. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் மட்டும் பேசினால் எல்லாம் பொருத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால்தான் உண்மை தெரியும். மூன்றாவது வட்டம்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். உள்தண்ணீர் அழுத்தத்தைக் கழித்து வட்டங்களை இடதுபக்கம் தள்ளிப் போட்டேன். ஃபை இருபத்துநாலு வந்தது. பென்சிலில் காம்பஸால் மூன்றாவது வட்டத்தையும் போட்டேன். கோட்டை அழகாகத் தொட்டது. காம்பஸ் சொன்ன பேச்சைக் கேட்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சுற்றும்முற்றும் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்பதற்கு அந்த அறையைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆறு மீட்டர் கரை வழுக்கிக் குளத்துக்குள் இறங்குவதும், அதன்மேல் யாரோ ஒருவர் சைக்கிளில் வருவதும் கண்முன் தெரிந்தது. எனக்கு இந்த சைக்கிள்காரர் எப்போதும் வருவார். அந்த வட்டத்தை அழித்த வேகத்தில் அழிரப்பர் தாளையும் சேர்த்துக் கிழித்தது.

போன் போட்டேன். டிசைன் இன்ஜினியர் என் வயதுக்காரர், சாந்தமான ஆள். பின்னால் குழந்தைகள் சத்தம். மூன்றாவது துண்டு போய்விட்டது, ஓட்டை, என் தப்பு என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“எதுலீங்க ஓட்டை?”

“உறையிலீங்க.”

“அதுக்கு எதுக்குங்க இப்படி மூச்சு வாங்குது? கிணத்துல உழுந்தவனாட்ட.” பிறகு கேட்டார், “நீங்க எந்த டெஸ்டு போட்டீங்க?”

சி.யூ. என்றேன். இருபத்துநாலு வந்திருப்பதையும் சொன்னேன். மறுமுனையில் அவர் குழந்தைகளை அதட்டி அடக்கினார்.

“ஏனுங்க, திங்கக்கிழமை கொட்ட ஆரம்பிச்சு ஒரே மாசத்துல ஆறு மீட்டர் ஏத்தறானுங்க. அடியில இருக்கற தண்ணி எப்பங்க வெளிய போகும்? எனக்கு முதல்ல யூ.யூ. வேணுமுங்க. நான் அந்த இருபத்துநாலை வெச்சுக் கணக்குப் போட்டிருப்பனே.”

சி, ஃபை என்று அவர் ஒரு வரி எழுதினார், மண்ணுக்குப் பெயரும் ஊரும்போல அது ஒரே ஒரு ஜோடிதான் என்று நானும் கேட்காமல் செய்தேன். உண்மையில் ஒரே மண், தண்ணீருக்குக் கொடுக்கும் அவகாசத்தைப் பொறுத்து வேறு வேறு பதில் சொல்லும். வால்வைத் திறக்கவே திறக்காமல் உடனே அமுக்கினால் யூ.யூ. அவசரமாகக் கொட்டும் கரைக்கு அதுதான் பதில். முழுக்கத் திறந்துவைத்து, உள்ளே அழுத்தமே சேராதபடி நாள்கணக்கில் ஊர்ந்து அமுக்கினால் சி.டி. வருஷங்கள் கழித்துக் கரை நிற்குமா என்பதற்குப் பதில் அது. உள்ளழுத்தத்தை அளந்து கழித்தால் சி.யூ.வும் ஏறக்குறைய அதே பதிலைச் சீக்கிரம் தரும். நான் கடைசிக் கேள்விக்கான விடையை முதல் கேள்விக்கு அனுப்ப இருந்தேன். அதுவும் பென்சில் வட்டத்தோடு.

மெழுகு பூசிய சாம்பிள் குழாயில் ஒரு சாண் மண் மிச்சமிருந்தது. மருந்துக் கடைக்குப் போனேன். இந்த முறை ஆறு பாக்கெட் என்றேன், நிமிர்ந்து. அவர் பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றாகச் சுற்றிக் கொடுத்தார்.

யூ.யூ. மத்தியானத்துக்குள் முடிந்தது. முதல் துண்டுக்குக் குறைந்த சுற்றழுத்தம், இரண்டாவதுக்கு இரட்டிப்பு, மூன்றாவதுக்கு நாலு மடங்கு. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் உடைந்தன. வட்டங்கள் மூன்றும் ஒரே அளவில், தள்ளித் தள்ளி வரிசையாக நின்றன. மேலே படுத்த கோடு. ஃபை பூஜ்யம். வட்டத்தின் ஆரம்தான் சி, சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. கதவைச் சாத்திவிட்டால் சுற்றி எவ்வளவு அழுத்தினாலும் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை, அது ஒரு துளியும் கெட்டிப்படுவதில்லை. இதைக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் திருப்பிப் போட்டு வைத்தேன்.

சாயந்திரம் இன்ஜினியரிடம் எண்ணைச் சொன்னதும் அவர் கணக்குப் போட்டுத் திரும்ப அழைத்தார். ஆறு மீட்டரை ஒரே மூச்சில் ஏற்றினால் விளிம்பில் நிற்கும், வேண்டாம். மூன்று மீட்டர் போட்டு நிறுத்தி, தண்ணீர் கசிந்து மண் இறுகும்வரை காத்திருந்து, பிறகு மீதி. அந்தப் பிறகுக்கு என் சி.யூ. வேண்டும், அவசரமில்லை, ஓட்டையில்லாமல் வேண்டும் என்றார்.

இரட்டை உறை, நடுவே கிரீஸ். ப்யூரெட் பதின்மூன்று மில்லிக்கு ஏறி, திங்கட்கிழமை காலை அடங்கி நின்றது. நிற்கும் தண்ணீரைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மறுநாள் மாலை மூன்றாவது வட்டத்தை மையில் போட்டேன். கோட்டைத் தொட்டது, கோடு அரை டிகிரிதான் நகர்ந்தது. இதை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. ஸ்டூல், குடுவை, ஜன்னல். ஆட்கள் அடுத்த நாள்தான் வருவார்கள்.

தாளைச் சுருட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கண்ணாடி மேஜைமேல் விரித்து, மண்ணுக்குன்னு சொன்னேனே, இதுக்குத்தானுங்க என்றேன். கரை, குளம், லாரி, ஓட்டை, வட்டம் எல்லாம் சொன்னேன். இருமல் மருந்துக்கு வந்த ஒருவரும் நின்று கேட்டார். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று வட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இதுல ஓட்டையானது எதுங்க?”

“அது இதுல இல்லீங்க. அழிச்சுப்போட்டேன்.”

தலையாட்டினார். சுருட்டித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“கரையெல்லாம் நின்னுக்குமுங்க. சென்னிமலைக்குக் கடைசி பஸ்ஸு ஏழரைக்கு. இப்பப் போனாப் புடிச்சுக்கலாம்.”

மணி ஆறே முக்கால். கிராஃப் தாளை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.