வீட்டுக்கார அம்மாவின் பெயருக்குப் போன கேக்

மகள் கணக்கியல் இறுதிப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று தெரிந்த வாரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. மகளைப் பற்றி நான் சொல்லிப் பெருமைப்படுவதும் அந்தக் காரியத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர் இன்னும் முடியாத காலம். அவள் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். வெள்ளவத்தையில் அறை தேடி நானும் அவளும் இரண்டு நாள் அலைந்தோம். சில வீடுகளில் ஊர் எது என்று கேட்டார்கள், மலையகத் தோட்டம் என்று சொன்னதும் அறை நேற்றே போய்விட்டது என்றார்கள். கடைசியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இடம் கொடுத்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அறையைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"டீச்சர், எனக்கு மூண்டே கதைதான். ஆம்பிளையள் வரக் கூடாது. எனக்குத் தெரியாமல் ஒரு சாமானும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. பொலிஸ் வாசலுக்கு வந்தால் பிள்ளை அண்டைக்கே பெட்டியைத் தூக்க வேணும். கோவிக்கக் கூடாது."

கோபிக்க என்ன இருக்கிறது? அந்த அம்மாவுக்கும் பயம், எங்களுக்கும் பயம். அந்த அறை போனால் இன்னொன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அறை இல்லாமல் கொழும்பில் வேலையும் இல்லை.

பரீட்சை முடிவு வந்ததும் நான் இணையம் வழியாக ஓர்டர் செய்து, வெள்ளிக்கிழமையே ஒரு கேக் அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தேன். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த என் கணவருக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"என்னாத்துக்கு டீச்சரம்மா கம்பியூட்டரு? ஹட்டன் பேக்கரியில வாங்கி ரயில்ல யார்கிட்டயாவது குடுத்து விட்டா போவுது."

"ரயில்ல போனா கேக்கு போகாது, களிதான் போகும்."

"களின்னாலும் நம்ம புள்ள திம்பா."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போதுதான் வங்கியில் கடன் அட்டை கொடுத்திருந்தார்கள். பாடசாலைக் கணினி அறையில் இணைய இணைப்பும் வந்திருந்தது. மலையில் இருந்துகொண்டு கொழும்பில் ஒரு கதவைத் தட்ட முடியும் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. புதன்கிழமை பள்ளி விட்டபின் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் ஒரு பயிற்சிக் கொப்பி திருத்தி முடித்துவிடலாம். பட்டர் ஐசிங் கேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், நகரம் கொழும்பு என்று குறித்தேன், திகதியைப் போட்டேன். பிறகு, பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி என்று மூன்று பெட்டிகள் வந்தன.

இங்கேதான் பிழை விட்டேன். நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கென்று ஒரு முகவரி இருந்ததில்லை. தபால்காரர் லயத்துக்கு வருவதும் இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும், இல்லாவிட்டால் பஜார் கடைக்காரர் பெயருக்கு வரும். உறையின் மேலே பொறுப்பான ஒருவரின் பெயர் பெரிதாக இருக்கும். யாருக்கான கடிதம் என்பது அதற்குக் கீழேயோ உள்ளேயோ இருக்கும். அப்படி எழுதினால்தான் கடிதம் வரும். ஆசிரியராகி, குவாட்டர்ஸ் கிடைத்து, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. பெறுபவர் பெயர் என்ற இடத்தில் வீட்டுக்கார அம்மாவின் பெயரை எழுதினேன். தொலைபேசி இலக்கமும் அந்த வீட்டுடையது. மகள் பெயரை வாழ்த்து அட்டைக்குள் மட்டும் எழுதினேன். அதை ஒரு மரியாதை என்றே நினைத்தேன். மகளுக்கு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை, திடீரென்று பார்த்து மகிழட்டும் என்று.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ஆறாம் வகுப்பில் நான் நிற்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. கேக் கொண்டுபோனவர். சிங்களத்தில் பேசினார். மணி அடித்தும் வீட்டில் யாரும் இல்லை, கொடுத்திருந்த இலக்கத்துக்கு எடுத்தும் பதில் இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். அந்த அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டில் கொடுங்கள் என்றேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுத்தார்.

"பக்கத்து வீட்டில் வாங்க மாட்டார்களாம், மிஸ். அடுத்தவர் பெட்டியை இந்தக் காலத்தில் யார் வாங்குவார்கள்? திருப்பிக் கொண்டுபோனால் நாளைக்குத்தான் வருவேன். வெயிலில் ஐசிங் நிற்காது."

கேட்டுக்குள்ளே வராந்தாவில் வைத்துவிடுங்கள் என்றேன். அப்படி வைக்க அனுப்பியவரின் சம்மதம் நிறுவனத்துக்கு வேண்டும் என்றார். நான் நிறுவனத்துக்கு எடுத்தேன், ஓர்டர் இலக்கத்தைச் சொன்னேன், பொறுப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டார். காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்துவிட்டதாக எண்ணி வகுப்புக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து மகள் எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அம்மா, நீங்க ஏதாச்சும் அனுப்புனீங்களா?"

"ஏன்மா?"

"வீட்டுக்கார ஆன்ட்டி இப்பதான் போன் பண்ணுனாங்க, வீட்டு வாசல்ல ஒரு பெட்டி கெடக்குதாம். ஆன்ட்டி பேரு போட்டிருக்குதாம். அவங்க யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கலையாம். உள்ள போகாம எதிர் வீட்டுல நிக்கிறாங்க. பக்கத்து வீட்டுல பொலிசுக்குச் சொல்லிட்டாங்க."

அந்த நாட்களில் கொழும்பில் ஆளில்லாத ஒரு பெட்டி என்றால் குண்டு என்றே நினைப்பார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவார்கள். நானும் தினமும் படிக்கிறவள்தான். இருந்தும் அதைச் செய்திருந்தேன்.

"நான்தான் அனுப்புனேன். கேக்கு. உனக்குத்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சரி. அழாதீங்க. ஓர்டர் நம்பர் வச்சிருக்கீங்களா?"

சொன்னேன். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"இப்ப நீங்க கம்பெனிக்கு எடுங்க. கொண்டாந்து வச்ச ஆளைத் திரும்பி வரச் சொல்லுங்க. அவரே கையால தொறந்து காட்டணும். நான் எடுத்தா என்கிட்டயும் பேசச் சொல்லுங்க. ஓர்டர்ல என் பேரு இல்லையே, அதனால நீங்கதான் சொல்லணும். வேற யாருக்கும் எடுக்காதீங்க. ஆன்ட்டிக்கு எடுக்காதீங்க."

"ஆன்ட்டிகிட்ட மன்னிப்பு..."

"அம்மா. கம்பெனிக்கு எடுங்க."

எடுத்தேன். காலையில் பேசிய அதே பெண். நிலைமையைச் சொன்னதும் அவரும் பதறிவிட்டார். கேக் கொண்டுபோனவர் தெஹிவளையில் இருக்கிறார், அரை மணிக்குள் திரும்ப அனுப்புகிறேன், மகளின் பெயரையும் இலக்கத்தையும் ஓர்டரில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

அதன்பின் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை ஆசிரியர் என் வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போனார். மகள் சாமான்களைப் பெட்டியில் அடுக்குவது போலவும், இருட்டுவதற்குள் எங்கே போவாள் என்றும் மனம் ஓடியது. இரண்டு தடவை மகளின் இலக்கத்தை அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் நிறுத்தினேன்.

இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. வெள்ளவத்தை வீட்டு இலக்கம்.

"டீச்சர், நீங்களோ?"

"நான்தாங்க அம்மா. பெரிய பிழை செஞ்சிட்டேங்க. மன்னிச்சிடுங்க."

"முதல்ல நான் சொல்லுறதைக் கேளுங்கோ." அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டார். "பொலிஸ் ரெண்டு பேர் வந்திட்டினம். சனம் எல்லாம் றோட்டில. நான் எதிர் வீட்டு மதிலோட நிண்டனான். உங்கட பிள்ளை பஸ்ஸால இறங்கி நேர அவையளிட்டப் போச்சு. இது என்ர அம்மா அனுப்பின கேக், கொண்டு வந்த ஆள் திரும்பி வாறார், அவர் வரும்வரைக்கும் ஒருத்தரும் தொட வேண்டாம் எண்டு சிங்களத்தில சொல்லிச்சு. அவையள் அடையாள அட்டை கேக்க எடுத்துக் குடுத்துது. எந்த ஊர் எண்டு கேட்டவை. தோட்டத்தின்ர பேர், டிவிஷன், எல்லாம் சத்தமாச் சொல்லிச்சு. தெருச் சனம் எல்லாம் கேட்டது."

"அம்மா..."

"பொறுங்கோ. பிறகு கொம்பனிக்கு எடுத்து, போனைப் பொலிஸின்ர கையில குடுத்துது. அதுக்குள்ள மோட்டச் சைக்கிள்காரன் வந்திட்டான். பயந்து பயந்து திறந்தான். கேக் பாதி உருகிப் போச்சு. அந்தப் பொலிஸ்காரன் வாழ்த்து அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டு, என்ன படிச்சனீர் எண்டு கேட்டான். கணக்கு எண்டது. சிரிச்சுக்கொண்டு போயிட்டினம்."

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்.

"நான் சொன்ன சொல்லு சொன்னதுதான் டீச்சர். பொலிஸ் வாசலுக்கு வந்திட்டுது. ஆனா பிள்ளையை வீட்டை விட்டு எழும்பச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நான் ஓடிப் போய் மதிலோட நிண்டன். என்ர வீட்டு வாசல்ல நிண்டது உங்கட பிள்ளை. இங்கயே இருக்கட்டும்."

நான் அழுதேன். அவர் கடுப்பாகக் கேட்டார்:

"என்னத்துக்கு என்ர பேரைப் போட்டனீங்கள்? நானோ சோதனை பாஸ் பண்ணினது?"

லயத்துக் கடிதக் கதையைச் சொன்னேன். ம் என்றார். பிறகு, கேக்கில் முட்டை போட்டிருக்குமோ என்று கேட்டார். போட்டிருக்கும் என்றேன். "இண்டைக்கு வெள்ளி. நாளைக்குத்தான் வாயில வைப்பன். பிரிட்ஜில ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லிப்போட்டன்" என்று வைத்துவிட்டார்.

மகள் மாலையில்தான் எடுத்தாள். அரைநாள் லீவு போனதற்காக அலுவலகத்துக்கு ஒரு துண்டு கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"பயமா இல்லையா புள்ள?"

"இருந்துச்சு. ஆனா நான் பயந்துக்கிட்டு நின்னா அவங்க நெசமாவே ஏதோ இருக்குன்னு நெனப்பாங்க இல்ல?"

"தோட்டத்துப் பேரைச் சத்தமாச் சொன்னியாமே."

"கேட்டாங்க, சொன்னேன். வேற எந்த ஊரச் சொல்றது?"

பக்கத்தில் நின்ற என் கணவர் போனைப் பிடுங்கி, ரயிலில் அனுப்பியிருந்தால் இதெல்லாம் உண்டா என்று தொடங்கினார். மறுமுனையில் அவள் சிரிப்பது எனக்கும் கேட்டது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னேன். என் பிழையை மறைக்காமல்தான் சொன்னேன். மகள் தெருவில் நின்று ஊரின் பெயரைச் சொன்ன இடம் வந்தபோது, பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்காக அதை மட்டும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன்.